மசக்கைக்கு எவ்வளவு இஞ்சி?

மசக்கைக்கு இஞ்சி டீ குடிக்கலாமா என்று கேட்கிறவர்கள் இரண்டு கட்சியாக இருப்பார்கள். "இஞ்சி சூடு, கரு தங்காது, தொடவே கூடாது" என்பது ஒரு கட்சி. "இஞ்சி வீட்டு மருந்து, எவ்வளவு குடித்தாலும் கெடுதல் இல்லை" என்பது இன்னொரு கட்சி. கிராம சுகாதார செவிலியராக முப்பத்தோரு வருடம் வீடு வீடாகப் போனவள் நான். ஒரே திண்ணையில் இந்த இரண்டு கட்சியும் உட்கார்ந்து வாதாடுவதைப் பல முறை பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் மாமியார் ஒரு கட்சி, பெண்ணைப் பெற்றவள் இன்னொரு கட்சி. நடுவில் வாந்தி எடுப்பது அந்தப் பெண்.

இரண்டு பக்கமும் கேட்காமல் விடுகிற கேள்வி, "எவ்வளவு?" என்பது. அதற்குத் தெளிவான பதில் இருக்கிறது. ஓய்வு பெற்ற பிறகும் வெள்ளானூரில் என் வீட்டுக் கதவைத் தட்டி இதைக் கேட்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் வாயால் சொல்வதை இந்த முறை எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

முதலில் மசக்கையைப் பற்றிக் கொஞ்சம். பத்துப் பெண்களில் ஏழெட்டுப் பேருக்கு வருகிற தொந்தரவு இது. நாள் தள்ளிப்போய் ஒன்றிரண்டு வாரத்தில், அதாவது கணக்குப்படி ஆறாவது வாரம் வாக்கில் ஆரம்பிக்கும். ஒன்பது, பத்தாவது வாரத்தில் உச்சத்துக்குப் போகும். பலருக்குப் பன்னிரண்டு முதல் பதினாறு வாரத்துக்குள் அடங்கிவிடும். காலையில் மட்டும் வரும் என்று பெயர், ஆனால் நாள் முழுக்கக் குமட்டுகிறவர்களே அதிகம். ஏன் வருகிறது என்பதற்கு 2023ல் ஒரு நல்ல விளக்கம் கிடைத்தது. நஞ்சுக்கொடியிலிருந்து ஜிடிஎஃப்15 என்ற ஹார்மோன் தாயின் இரத்தத்தில் கலக்கிறது, அது மூளையில் குமட்டலைத் தூண்டுகிறது, கர்ப்பத்துக்கு முன்பு அந்த ஹார்மோன் உடம்பில் குறைவாக இருந்த பெண்களுக்குத் தொந்தரவு கடுமையாகிறது என்று கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் மற்ற நாட்டவரோடு சேர்ந்து கண்டறிந்தார்கள். அந்தக் கூட்டில் இலங்கை ஆய்வாளர்களும் உண்டு. தலசீமியா என்ற இரத்தநோய் உள்ள பெண்களுக்கு அந்த ஹார்மோன் எப்போதும் அதிகமாகவே இருக்கும். அவர்களுக்கு மசக்கை மிகக் குறைவாக இருப்பதையும் பார்த்தார்கள். ஆகவே "அவ கொஞ்சம் அலட்டிக்கிறா" என்று சொல்கிற மாமியார்கள் இந்தப் பத்தியை ஒரு முறை படித்துவிடுவது நல்லது.

இப்போது இஞ்சிக்கு வருகிறேன்.

இஞ்சியின் காரத்துக்குக் காரணமான பொருள்கள் இரைப்பையின் அசைவைக் கொஞ்சம் முடுக்கிவிடுகின்றன. குடலிலிருந்து குமட்டல் செய்தியை மூளைக்கு அனுப்புகிற வழியையும் ஓரளவு அடைக்கின்றன. அதனால்தான் பஸ்ஸில் வாந்தி வருகிறவர்களுக்கு இஞ்சி மரப்பா விற்கிறார்கள். மசக்கைக்கு இது வேலை செய்கிறதா என்று ஒழுங்காகச் சோதித்துப் பார்த்தவர்களில் எனக்குப் பிடித்தது தாய்லாந்தின் சியாங் மாய் பல்கலைக்கழக மருத்துவர்கள் செய்த சோதனை. 2001ல் வெளியானது. பதினேழு வாரத்துக்கு உட்பட்ட 70 கர்ப்பிணிகளை எடுத்துக்கொண்டார்கள். பாதிப் பேருக்குச் சுக்குத்தூள் அடைத்த கேப்ஸ்யூல், மீதிப் பேருக்கு அதே மாதிரி தெரிகிற வெறும் கேப்ஸ்யூல். யாருக்கு எது என்று கொடுத்தவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. ஒரு கேப்ஸ்யூலில் 250 மில்லிகிராம். மூன்று வேளை சாப்பாட்டுக்குப் பிறகு ஒவ்வொன்று, படுக்கும்போது ஒன்று. ஆக நாளைக்கு ஒரு கிராம். மொத்தம் நான்கு நாள்.

முடிவில் சுக்கு சாப்பிட்ட 32 பேரில் 28 பேர் தேவலை என்றார்கள். வெறும் கேப்ஸ்யூல் சாப்பிட்ட 35 பேரில் 10 பேர்தான் அப்படிச் சொன்னார்கள். வாந்தி எண்ணிக்கையும் குறைந்தது. ஆனால் மாயமாக நின்றுவிடவில்லை. சராசரியாக ஒரு நாளைக்கு ஒன்று, ஒன்றரை வாந்தி குறைந்தது, அவ்வளவுதான். அதற்குப் பிறகு 2004ல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் 291 பெண்களிடம் இஞ்சியையும் வைட்டமின் பி6 மாத்திரையையும் மூன்று வாரம் ஒப்பிட்டார்கள். அங்கேயும் இஞ்சி ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு கிராம்தான். இரண்டும் ஒரே அளவு பலன் தந்தன. 2016ல் உலக சுகாதார நிறுவனம் கர்ப்பகாலக் கவனிப்புக்குப் பரிந்துரைகள் வெளியிட்டபோது, ஆரம்ப மாதக் குமட்டலுக்கு உதவக்கூடியவற்றில் இஞ்சியையும் சேர்த்தது.

ஒரு கிராம் என்ற எண் திரும்பத் திரும்ப வருவதைக் கவனித்திருப்பீர்கள். அது உலர்ந்த இஞ்சி, அதாவது சுக்கு. சோதித்துப் பார்த்த அளவு இதுதான். இதைவிட மும்மடங்கு, நான்மடங்கு சாப்பிட்டால் பலன் அதிகம் என்று யாரும் காட்டவில்லை. அந்த அளவுக்குப் பாதுகாப்பு உண்டு என்றும் யாரும் காட்டவில்லை. நியாயமான அளவு எது என்று கேட்டால், நான் அந்த ஒரு கிராமில் நின்றுவிடுவேன்.

இதை நம் அடுப்படிக் கணக்குக்கு மாற்ற வேண்டும். பச்சை இஞ்சியில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். ஆகவே ஒரு கிராம் சுக்கு என்பது சுமார் 5 கிராம் பச்சை இஞ்சி. தோல் சீவிய இஞ்சியில் ஐந்து ரூபாய் நாணய அகலத்தில் ஒரு சென்டிமீட்டர் கனத்துக்கு ஒரு வில்லை வெட்டினால் ஏறக்குறைய 5 கிராம் வரும். என் வீட்டுச் சின்னத் தராசில் நிறுத்துப் பார்த்ததைத்தான் சொல்கிறேன். ஒரு நாளைக்கு அந்த ஒரு வில்லை. ஒரு டம்ளருக்கு ஒரு வில்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

சுக்குத்தூளில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். டீஸ்பூனில் தலைதட்டி எடுத்த சுக்குத்தூள் கிட்டத்தட்ட 2 கிராம் இருக்கும். அதாவது ஒரே ஒரு ஸ்பூன் தூளில் இரண்டு நாள் அளவு அடங்கிவிடுகிறது. குவித்து எடுத்தால் இன்னும் அதிகம். பச்சை இஞ்சியைத் தட்டிப் போட்டு வடிகட்டும்போது சக்கையில் பாதி போய்விடும். சுக்குத்தூளைக் கலக்கிக் குடித்தால் மண்டி வரைக்கும் வயிற்றுக்குள் போகிறது. காய்ந்த இஞ்சியில் காரமும் கூடுதல். கையில் பார்க்கும்போது இஞ்சித் துண்டுதான் பெரியதாகத் தெரியும், ஸ்பூன் தூள் சின்னதாகத் தெரியும். கணக்கு நேர்மாறு.

இந்தக் கணக்கு ஏட்டுக் கணக்கு இல்லை என்பதற்கு எங்கள் தெருவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

நாலு வீடு தள்ளி ஒரு குடும்பம். பையனுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை. மருமகளுக்கு ஒன்பதாவது வாரம் நடந்துகொண்டிருந்தது. மாமியார் ஒரு நாள் சாயந்திரம் நாலு மணி வாக்கில் வந்து, "அக்கா, கொஞ்சம் வந்து சொல்லிட்டுப் போங்க. இவங்கம்மா சுக்குப்பொடி அனுப்பி வெச்சிருக்காங்க. வேளாவேளைக்குக் குடிக்கிறா. எனக்குப் பயமா இருக்கு, சூடு புடிச்சு ஏதாவது ஆயிடப் போவுது" என்றார். பஞ்சாயத்துக்குக் கூப்பிடுகிறார் என்று புரிந்துகொண்டு போனேன்.

பெண் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உதடு வறண்டு தோல் உரிந்திருந்தது. இஞ்சிப் பேச்சை ஒதுக்கி வைத்துவிட்டு, நான் வேலையில் இருந்தபோது எல்லா மசக்கைக்காரிகளிடமும் கேட்கிற மூன்று கேள்விகளைக் கேட்டேன்.

"கடைசியா எப்போ ஒண்ணுக்குப் போனே, கண்ணு?"

"காலைல அஞ்சு மணிக்கு, நர்சம்மா. கொஞ்சம்தான் வந்துச்சு. டீ டிகாஷன் கலர்ல இருந்துச்சு."

"தண்ணி குடிச்சா நிக்குதா?"

"நேத்துலேர்ந்து எதுவுமே நிக்கல. டீயும் சுக்குத் தண்ணியும் குடிச்ச அஞ்சு நிமிஷத்துல வெளிய வந்துடுது."

மூன்றாவது கேள்வி எடை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது அட்டையில் 46 கிலோ என்று எழுதியிருந்தார்கள். என் வீட்டு எடை மெஷினைக் கொண்டுவரச் சொல்லி நிற்க வைத்தேன். 43 கிலோவும் 400 கிராமும் காட்டியது. கர்ப்பத்துக்கு முன்னால் இருந்த எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைந்தால் அது சாதாரண மசக்கை இல்லை. 46 கிலோவுக்கு ஐந்து பங்கு என்றால் 2 கிலோ 300 கிராம். இவள் 2 கிலோ 600 கிராம் குறைந்திருந்தாள். பதினோரு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை. எழுந்து நின்றதும் தலை சுற்றுகிறது என்று கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"சுக்கா, இஞ்சியான்னு அப்புறம் பேசிக்கலாம். முதல்ல ஆட்டோவக் கூப்பிடுங்க" என்றேன். ஆவடிக்குப் போய் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்தோம்.

அங்கே நரம்பு வழியாகச் சலைன் ஏற்றினார்கள், பொட்டாசியம் சேர்த்து. கூடவே தயமின் ஊசி, அதாவது வைட்டமின் பி1. பல நாள் சாப்பிடாமல் வாந்தி எடுத்தவர்களுக்கு இந்த வைட்டமின் தீர்ந்துபோயிருக்கும். அந்த நிலையில் தயமின் கொடுக்காமல் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். "ரெண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏத்திக்கிட்டா சரியாயிடும்" என்று தெருமுனையில் ஏற்றிக்கொள்வது கர்ப்பிணிக்கு ஏன் ஆகாது என்பதற்கு இதுவே காரணம். ஸ்கேனும் எடுத்தார்கள். இரட்டைக் கருவாக இருந்தாலும், கரு உருவாகாமல் முத்துப்பிள்ளை என்கிற திராட்சைக்கொத்து மாதிரியான வளர்ச்சி இருந்தாலும் வாந்தி இப்படிக் கடுமையாகும். அவளுக்கு ஒற்றைக் குழந்தை, இதயத் துடிப்பு நன்றாக இருந்தது. டாக்ஸிலமைனும் பி6ம் சேர்ந்த மாத்திரையோடு மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தாள்.

இந்த மாதிரிக் கடும் வாந்திக்கு இஞ்சி மருந்து ஆகாது. 1991ல் டென்மார்க்கில் ஆஸ்பத்திரியில் சேர்த்த முப்பது பெண்களுக்கு இதே ஒரு கிராம் இஞ்சித்தூளைக் கொடுத்துப் பார்த்தார்கள். பெரும்பாலோர் இஞ்சி கொடுத்த நாட்களே தேவலை என்றார்கள் என்பது உண்மை. ஆனால் அவர்கள் ஆஸ்பத்திரிப் படுக்கையில், கண்காணிப்பில் இருந்தவர்கள். வீட்டில் இஞ்சியை நம்பி உட்கார்ந்திருப்பது வேறு. உடம்பில் தண்ணீர் வற்றிய பிறகு இஞ்சி அதைத் திருப்பிக் கொண்டுவராது. இருபத்துநாலு மணி நேரமாக எதுவும் வயிற்றில் நிற்கவில்லை, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் வரவில்லை அல்லது மிகக் கருத்து வருகிறது, நின்றால் மயக்கம் வருகிறது, வாந்தியில் இரத்தம் தெரிகிறது, காய்ச்சலோ வயிற்றுவலியோ சேர்ந்திருக்கிறது: இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. மறுநாள் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

அவள் திரும்பி வந்த பிறகுதான் பஞ்சாயத்தை எடுத்துக்கொண்டேன். அதற்குள் பெண்ணின் அம்மாவும் வந்திருந்தார். மூன்று பேரையும் அடுப்படியில் உட்கார வைத்து, ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின வாரம் ஒரு நாளில் என்னென்ன போட்டீர்கள், செய்து காட்டுங்கள் என்றேன்.

காலையிலும் சாயந்திரமும் இஞ்சி டீ. ஒரு டீக்குத் தட்டிய இஞ்சியைத் தராசில் வைத்தால் 6 கிராம். இரண்டு டீக்கு 12 கிராம். உலர்ந்த கணக்கில் சுமார் 2.4 கிராம். அம்மா சொன்னபடி மூன்று வேளை சுக்குத் தண்ணீர், வேளைக்கு ஒரு ஸ்பூன். அது சுமார் 6 கிராம். இரண்டையும் சேர்த்தால் ஒரு நாளைக்கு 8 கிராமுக்கு மேல். சோதித்துப் பார்த்த அளவைப் போல எட்டு மடங்கு. அந்தப் பெண் சும்மாவா நெஞ்சு எரிகிறது என்று அழுதாள்? கர்ப்பத்தில் இரைப்பையின் மேல்வாய் தளர்ந்து, புளித்த நீர் எளிதாக மேலே வரும். அதன்மேல் இவ்வளவு காரம் போனால் எரிச்சலே இன்னொரு வாந்தியைக் கிளப்பிவிடும். அம்மாவோ, வாந்தி நிற்காததைப் பார்த்து இன்னும் ஒரு ஸ்பூன் கூட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

டீக்கணக்கு தனி. இஞ்சி போட்டது இரண்டு, போடாதது மூன்று, ஆக ஐந்து கப். நம் ஊர் டீ ஒரு கப்பில், 150 மில்லி என்று வைத்தால், 30 முதல் 65 மில்லிகிராம் கஃபீன் இருக்கும் என்று ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்கிறது. ஐந்து கப் என்றால் 150 முதல் 325 வரை. கர்ப்பிணிகள் 300க்கு மேல் போகக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்வது. 200 போதும் என்கிற மருத்துவ அமைப்புகளும் உண்டு. டீயில் உள்ள டானின், சாப்பாட்டிலிருக்கும் இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ளவிடாமல் தடுக்கும். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் டீ, காபி வேண்டாம் என்று சொல்வது அதற்காகத்தான். நம் பெண்களில் பாதிப்பேர் இரத்தசோகையோடுதான் கர்ப்பத்துக்குள் நுழைகிறார்கள். ஆகவே இஞ்சி டீயில் இஞ்சியைப் பற்றி மட்டும் கவலைப்பட்டுவிட்டு டீயை மறந்துவிடுகிறோம் என்பது என் நீண்டநாள் குறை. இஞ்சியை வெந்நீரில் போட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

மாமியார் ஒரு விஷயத்தில்தான் நின்றார். "அளவெல்லாம் சரிக்கா. ஆனா கரு கலைஞ்சிடும்னு எங்க மாமியார் சொல்லுவாங்களே?"

அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். நம் ஊரில் நாள் தள்ளிப்போனால் எள்ளும் வெல்லமும் சுக்கும் சேர்த்துக் கொடுப்பார்கள். பிள்ளை பெற்ற பிறகு கொடுக்கிற பிரசவ லேகியத்திலும் சுக்குதான் முன்னால் நிற்கும். கர்ப்பப்பையில் தங்கியதை வெளியேற்றுகிற பொருள் என்று சுக்குக்கு ஒரு பெயர் விழுந்துவிட்டது. ஆனால் கேள்வியைக் கர்ப்பிணிகளிடமே பார்த்திருக்கிறார்கள். நார்வேயில் 68,000க்கும் மேற்பட்ட பெண்களின் கர்ப்பகால விவரங்களைத் தொகுத்ததில், ஆயிரத்துச் சொச்சம் பேர் கர்ப்பத்தின்போது இஞ்சி எடுத்ததாகச் சொல்லியிருந்தார்கள். 2013ல் அதை ஆராய்ந்து எழுதினார்கள். பிறவிக் குறையோ, குழந்தை இறந்து பிறப்பதோ, குறைமாதமோ, எடைக்குறைவோ இஞ்சி எடுத்தவர்களிடம் கூடுதலாக இல்லை. பதினேழு வாரத்துக்குப் பிறகு லேசான இரத்தக்கசிவு மட்டும் கொஞ்சம் அதிகமாகப் பதிவானது. டொரான்டோவில் 187 பெண்களைப் பின்தொடர்ந்து 2003ல் எழுதியதிலும் குழந்தைகளுக்குப் பெரிய குறைகள் கூடவில்லை.

நியாயத்துக்கு மறுபக்கத்தையும் சொன்னேன். பின்லாந்து அரசின் உணவுத் துறை, கர்ப்பிணிகள் இஞ்சி டீயும் இஞ்சி மாத்திரைகளும் எடுக்க வேண்டாம் என்று சொல்கிறது. சமையலில் மசாலாவாகச் சேர்ப்பதற்குத் தடையில்லை என்கிறது. பிரிட்டனிலோ இலேசான, நடுத்தர மசக்கைக்கு மாத்திரை வேண்டாம் என்கிற பெண்களிடம் இஞ்சியைப் பரிந்துரைக்கலாம் என்று 2021ல் வழிகாட்டி எழுதினார்கள். இரண்டும் படித்தவர்கள் சொல்வதுதான். அடர்த்தியாக்கிய சாறும் மாத்திரையும் வயிற்றுக்குள் எவ்வளவு இஞ்சியைக் கொண்டுபோகின்றன என்பது குடிக்கிறவருக்குத் தெரியாது என்பதே பயத்தின் அடிப்படை. கையால் நறுக்கி, கண்ணால் பார்த்துப் போடுகிற 5 கிராமில் அந்தத் தெரியாமை இல்லை. கரு கலைகிறவை பெரும்பாலும் கருவிலேயே இருக்கிற கோளாறால் கலைகின்றன. அதற்கு முந்தின நாள் குடித்த இஞ்சித் தண்ணீரின்மேல் பழியைப் போட்டு ஒரு பெண்ணை ஆயுசுக்கும் குத்திக்காட்டுகிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அளவுக்குள் எடுத்த இஞ்சிக்கு அந்தப் பழி சேராது.

யாருக்கு இந்த 5 கிராமும் வேண்டாம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். முன்பு பலமுறை கரு கலைந்து ஹெபாரின் ஊசி போட்டுக்கொள்கிறவர்கள், இரத்த அழுத்தம் வரும் வாய்ப்பு இருக்கிறது என்று டாக்டர் ஆஸ்பிரின் எழுதிக்கொடுத்தவர்கள், இப்போது இரத்தக்கசிவு இருக்கிறவர்கள். இஞ்சி அதிகமானால் இரத்தம் உறைவதைக் கொஞ்சம் தாமதப்படுத்தக்கூடும். இவர்கள் டாக்டரைக் கேட்டபிறகே தொட வேண்டும். பித்தப்பையில் கல் இருப்பவர்களும் அப்படியே. சமையலில் விழுகிற இஞ்சிக்கு இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம்.

அந்தப் பெண்ணுக்கு நான் வகுத்துக் கொடுத்தது இதுதான். டாக்டரிடம் காட்டிச் சரி என்று கேட்டுக்கொண்ட பிறகு ஆரம்பித்தாள். காலையில் தோல் சீவிய இஞ்சியில் அன்றைக்குரிய 5 கிராம் வில்லையை வெட்டி, அதை நாலு துண்டாக்கி ஒரு கிண்ணத்தில் போட்டு மூடி வைப்பது. கிண்ணம் காலியானால் அன்றைய இஞ்சி முடிந்தது. யார் எவ்வளவு போட்டார்கள் என்று மாமியாரும் மருமகளும் கேட்டுக்கொள்ள வேண்டியதில்லை. ஒரு துண்டை நசுக்கி டம்ளரில் போட்டு, கொதித்த தண்ணீர் 150 மில்லி ஊற்றி, பத்து நிமிடம் தட்டால் மூடி வைத்து வடிகட்ட வேண்டும். மூடாவிட்டால் வாசனை ஆவியோடு போய்விடும். அடுப்பில் வைத்துச் சுண்டக் காய்ச்ச வேண்டாம், அது கஷாயமாகிவிடும். நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு, விருப்பமானால் கொஞ்சம் பனங்கற்கண்டு.

குடிப்பதிலும் முறை உண்டு. எழுந்தவுடன் வெறும் வயிற்றில் வேண்டாம். படுக்கையிலேயே ஒரு ரஸ்க்கோ ஒரு கைப்பிடி பொரியோ மென்றுவிட்டு, பதினைந்து நிமிடம் கழித்து எழுந்து, அதற்குப் பிறகு முதல் டம்ளர். ஒரே மூச்சில் குடிக்காமல் ஆறவிட்டு, கால் மணி நேரம் எடுத்துக்கொண்டு வாய் வாயாகக் குடிக்க வேண்டும். மற்ற மூன்றும் மதியம், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகும் படுக்கும்போதும். சியாங் மாயில் கொடுத்த அதே நாலு வேளை. பால் டீயில்தான் இஞ்சி வேண்டும் என்று நாக்கு கேட்டால், நாளைக்கு ஒன்று. அந்தத் துண்டும் கிண்ணத்திலிருந்துதான் வர வேண்டும். இஞ்சியைத் தண்ணீரில் நன்றாகக் கொதிக்கவிட்டுப் பிறகு பால் ஊற்றினால் திரியாது. பச்சை இஞ்சியில் பாலைத் திரிக்கிற நொதி ஒன்று இருக்கிறது, கொதித்தால் அது செத்துவிடும்.

நாலு நாள் பார்க்கச் சொன்னேன். பலன் தெரிந்தால் தொடரலாம், நெஞ்செரிச்சல் வந்தால் பாதியாகக் குறைக்கலாம், ஒன்றும் தெரியாவிட்டால் நிறுத்திவிடலாம். அளவைக் கூட்டிப் பார்ப்பது மட்டும் கிடையாது. வாசனையே ஆகவில்லை என்கிற பெண்களும் உண்டு. அவர்களுக்கு இஞ்சியைக் கட்டாயப்படுத்துவதில் அர்த்தமில்லை, பி6 மாத்திரை இருக்கிறது.

அம்மா கொண்டுவந்த சுக்குப்பொடி டப்பாவை என்ன செய்வது என்று கேட்டார். "பத்திரமா மூடி வையுங்க, பிரசவ லேகியத்துக்கு ஆகும்" என்றேன். மாமியார் சிரித்துவிட்டார். சம்பந்திகள் இருவரும் என் எதிரில் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

பதினோராவது வாரத்தில் அவளுக்கு வாந்தி நாளைக்கு இரண்டு முறையாகக் குறைந்தது. பதினாலாவது வாரத்தில் எடை 45 கிலோவைத் தொட்டது. மாத்திரை எவ்வளவு செய்தது, இஞ்சி எவ்வளவு செய்தது, நாள் ஆக ஆகத் தானாக அடங்கியது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. அவளைக் கேட்டால், சாப்பிட்ட பிறகு அந்த டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது குமட்டல் கொஞ்சம் பின்வாங்கும் என்பாள். குமட்டல் கொஞ்சம் பின்வாங்குவதுதான் இஞ்சியிடம் நாம் எதிர்பார்க்கக்கூடியது.

கடையில் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இஞ்சி டீத்தூள் என்று விற்கும் பாக்கெட்டுகளில் பெரும்பாலும் தேயிலைதான், இஞ்சி வாசனைக்கு. வெந்நீரில் கலக்குகிற இஞ்சி எலுமிச்சைத் தூளில் சர்க்கரை முன்னால் நிற்கும். சர்க்கரை நோய் சோதனையில் எல்லையில் நிற்கிற பெண்கள் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்க வேண்டும். சின்னக் குப்பியில் வருகிற இஞ்சிச் சாறு ஒரே மடக்கில் பல துண்டு இஞ்சியை உள்ளே தள்ளிவிடும். கர்ப்பிணிகள் அதைத் தவிர்ப்பது நல்லது. சுக்குக் காபிப் பொடியில் மல்லி, மிளகு, ஏலம் எல்லாம் கலந்திருக்கும், சுக்கு எத்தனை பங்கு என்று வீட்டுக்கு வீடு மாறும். அளவு தெரியாததை ஆரம்ப மாதங்களில் எடுக்க வேண்டாம் என்றே சொல்வேன். பத்து ரூபாய்க்கு வாங்கிய பச்சை இஞ்சியும் ஒரு கத்தியும் போதும்.

உங்கள் வீட்டில் இப்போது யாருக்காவது மசக்கை என்றால், இஞ்சியை நறுக்குவதற்கு முன்னால் அந்த மூன்று கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். கடைசியாக எப்போது சிறுநீர் போனாள், தண்ணீர் நிற்கிறதா, எடை எவ்வளவு குறைந்திருக்கிறது. மூன்றுக்கும் பதில் நன்றாக இருந்தால், ஐந்து ரூபாய் அகலத்தில் ஒரு வில்லை வெட்டிக் கிண்ணத்தில் போடுங்கள்.